இஎஸ்ஐ பணத்தை எப்படி எடுப்பது?

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் தன் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கீழே ஒரு வரி: "மாமா, பிஎஃப் பணம் எடுக்க ஆன்லைன்ல வழி இருக்கு. இஎஸ்ஐ பணம் எடுக்க எங்க போகணும்?"

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, அச்சிறுபாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம் என்று தூங்கிக்கொண்டே போய், இரவு தூங்கிக்கொண்டே திரும்புகிறவன். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கமே வரப் பார்க்கிறான். விடுவதற்கு முன் பிடித்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

நான் விழுப்புரத்தில் உட்கார்ந்து பல வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன். வேலையை விட்டுப் போகும் பையன்களில் பாதிப் பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "எங்கேயும் போக முடியாதுடா. அது எடுக்கிற பணம் இல்லை" என்று பதில் போட்டேன். உடனே போன் வந்துவிட்டது. "என்ன மாமா, என் சம்பளத்துலதானே பிடிச்சாங்க? ரெண்டு வருஷமா ஒரு மாத்திரைகூட வாங்கல. அப்ப அந்தக் காசு யாருக்குப் போச்சு?"

நியாயமான கேள்விதான். போனில் சொன்னது பாதி, சொல்லாமல் விட்டது பாதி. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். அவனைப் போன்ற பையன்கள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சீட்டைப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 18,000. அதில் பிஎஃப் கணக்கிடும் அடிப்படைச் சம்பளம் 15,000. பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருக்கின்றன: பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 135. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே எழுத்தில், ஒரே மாதிரி அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று அவன் பெயரில் சேரும் சேமிப்பு. இன்னொன்று அவன் பெயரில் எங்கேயும் சேர்வதே இல்லை.

பிஎஃப் 1,800 என்பது 15,000-த்தில் 12 சதவீதம். அது அவனுடைய கணக்கு எண்ணில் வரவு வைக்கப்படுகிறது, வருஷா வருஷம் வட்டி ஏறுகிறது (2024-25க்கு 8.25 சதவீதம்), பாஸ்புக்கில் இருப்புத் தெரிகிறது. அவன் எடுக்காவிட்டாலும் அவன் வாரிசுக்குப் போகும்.

இஎஸ்ஐ 135 என்பது 18,000-த்தில் 0.75 சதவீதம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் போடுகிறது. இரண்டும் சேர்ந்து மாதம் 720. இந்த 720-க்குப் பாஸ்புக் கிடையாது, இருப்பும் கிடையாது, வட்டியும் கிடையாது. அது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் பொது நிதிக்குப் போகிறது. இந்த மாதம் யாருக்கு உடம்பு சரியில்லையோ, யாருக்கு மெஷினில் விரல் போனதோ, எந்தப் பெண்ணுக்குப் பிரசவமோ, அவர்களுக்கு அது செலவாகிறது. அவனுக்குத் தேவைப்படும் மாதத்தில், அன்றைக்கு வேலையில் இருக்கிற மற்றவர்கள் கட்டும் பணம் அவனுக்கு வரும்.

"சீட்டு மாதிரியா மாமா?" என்றான். சீட்டும் இல்லை. சீட்டில் கட்டியவனுக்கு ஒருநாள் முறை வந்தே தீரும்; தள்ளி எடுத்தாலும் முன்னால் எடுத்தாலும் கட்டியதை ஒட்டித்தான் கைக்கு வரும். இங்கே கட்டியதற்கும் வருவதற்கும் அப்படி ஒரு சம்பந்தமே வைக்கவில்லை. சிலருக்குக் கட்டியதைப் போல நூறு மடங்கு வரும். சிலருக்குக் கடைசிவரை ஒன்றுமே வராது. ஒன்றும் வராமல் போனவர்களைப் பார்த்தால் எனக்கென்னவோ அவர்கள் ஏமாந்தவர்களாகத் தெரியவில்லை. நோய் நொடி இல்லாமல் பொழுதைக் கழித்தவர்கள் என்றுதான் தோன்றும்.

சரி, கணக்கைப் போடுவோம். அவனை வைத்தே உதாரணம் சொன்னால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் அதே 18,000 சம்பளத்தில் அதே பஸ்ஸில் போகிற, பெயர் வைக்காத வேறொரு பையன் என்று வைத்துக்கொள்வோம்.

அவன் வேலைக்குச் சேர்ந்து சரியாக ஒரு வருஷம். அவன் பங்கு 135 வீதம் 1,620 ரூபாய். கம்பெனி பங்கையும் சேர்த்தால் 8,640. இந்தப் பணத்தை அவன் கேட்டபடியே கையில் கொடுத்திருந்தால் அவனிடம் 8,640 இருக்கும். நல்ல பையன், ஒரு ரூபாய் தொடாமல் வைத்திருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் காலை, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வீட்டிலிருந்து பைக்கில் வருகிறான். நாற்சாலையில் லாரி இடித்து முட்டிக்குக் கீழே எலும்பு முறிகிறது. பிளேட் வைத்து ஆபரேஷன். நான்கு மாதம், 120 நாள், வேலைக்குப் போக முடியாது.

8,640 ரூபாய் சேமிப்பு இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு தூரம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இஎஸ்ஐ வழியைப் பார்ப்போம். சிகிச்சை இஎஸ்ஐ மருத்துவமனையிலோ அவர்கள் அனுப்பும் ஆஸ்பத்திரியிலோ நடக்கும், பில் கிடையாது. "நீ கட்டியது இவ்வளவுதான், அதற்குமேல் உன் கைக்காசு" என்ற உச்சவரம்பும் கிடையாது. அதோடு, வேலைக்குப் போகாத நாள்களுக்குக் கூலி வரும். மாதம் 18,000 என்றால் ஒரு நாளுக்கு 600. வேலை சம்பந்தமான காயத்துக்கு அதில் 90 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 540 ரூபாய். 120 நாளுக்கு 64,800. கட்டியவன் 1,620-தான் கட்டியிருக்கிறான்.

இதில் இன்னொன்றையும் பார். வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படுவதற்கு முன் விபத்து நடந்திருந்தாலும் இதே 540. சேமிப்புக் கணக்கில் இப்படி நடக்குமா? போடாத கணக்கிலிருந்து எந்த வங்கி கொடுக்கும்?

"பைக்ல வீட்டிலிருந்து வர்ற வழிதானே, கம்பெனிக்குள்ள இல்லையே?" என்று கேட்டான். விவரமான பையன். முன்பு இதில் பெரிய தகராறு இருந்தது. கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸில் அடிபட்டால் வேலைக் காயம் என்று சட்டத்தில் இருந்தது. சொந்த வண்டியில் அடிபட்டவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2010-ல் வந்த திருத்தம் இதற்கு வழி செய்தது. வீட்டிலிருந்து வேலைக்கோ, வேலையிலிருந்து வீட்டுக்கோ போகும் வழியில் நடந்த விபத்தையும் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்த வேண்டும். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவன் கிளம்பும் நேரத்தில், வழக்கமான வழியில் அடிபட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஷிஃப்ட் முடிந்து மேல்மருவத்தூரில் இறங்கி, நண்பன் வீட்டில் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு அவன் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து விழுந்தால் சிக்கல்தான்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து தினமும் நெடுஞ்சாலையில் போய்வரும் பையன்களுக்கு இந்த ஒரு திருத்தம் மிகவும் முக்கியம். அதனால் விபத்து நடந்த அன்றே கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் விபத்து அறிக்கையை உடனே பதிவு செய்ய வேண்டும். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரி, திண்டிவனம் அரசு மருத்துவமனையோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியோ, எதுவாக இருந்தாலும் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எங்கே போகும்போது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் கூட வந்தவர்கள் "சும்மா கடைக்குப் போனப்ப விழுந்துட்டான்" என்று சொல்லிவைத்தால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. போலீஸ் வம்பு வேண்டாம் என்று நினைத்து அப்படிச் சொல்வார்கள். கடைசியில் நஷ்டப்படுவது காலை உடைத்துக்கொண்டவன்தான்.

இப்போது "அந்தக் காசு யாருக்குப் போச்சு" என்ற கேள்விக்கு வருகிறேன். அவன் பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அதே சம்பளம். பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு; நாளொன்றுக்கு முழு 600 வீதம் 182 நாளுக்கு 1,09,200 ரூபாய். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அவள் இரண்டு வருஷமாகக் கட்டியது 3,240 ரூபாய். மீதி எங்கிருந்து வந்தது? என் அக்கா மகனின் 135-லிருந்தும், அவனைப் போல மாத்திரை வாங்காத ஆயிரக்கணக்கான பையன்களின் 135-லிருந்தும், அவர்களுக்காகக் கம்பெனிகள் கட்டிய 585-லிருந்தும் வந்தது.

"அப்ப எங்களை மாதிரி பசங்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா?" என்றான். இந்த யோசனை எல்லோருக்கும் வரும். வந்தால் என்ன ஆகும் என்று பார். முதலில் இருபத்துமூன்று வயதுப் பையன்கள் வெளியேறுவார்கள். மீதி இருப்பவர்களுக்கு நோய் அதிகம். 4 சதவீதம் போதாது, 6 ஆக்க வேண்டும். அப்போது கொஞ்சம் ஆரோக்கியமாக இருப்பவர்கள் வெளியேறுவார்கள். பிறகு 9 ஆக்க வேண்டும். கடைசியில் டயாலிசிஸ் நோயாளிகளும் புற்றுநோயாளிகளும் மட்டும் மிஞ்சுவார்கள். ஒருவருக்கொருவர் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கும்? அதனால்தான் சட்டம் விருப்பம் கேட்பதில்லை. மாதம் 21,000-க்குள் சம்பளம், சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் என்றால் நீ உள்ளே. வயது, நோய், குடும்ப வரலாறு எதையும் பார்த்து விகிதம் மாறாது. சர்க்கரை நோயாளிக்கும் 0.75, கபடி ஆடுபவனுக்கும் 0.75. தனியார் மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்டிடம் போய் இதே பேச்சைப் பேசிப் பார், அவர் முதலில் வயதைத்தான் கேட்பார்.

கட்டாதவனுக்கும் கிடைக்கும் என்பதற்கு இன்னும் தெளிவான சாட்சி வேண்டுமா? சராசரி நாள் கூலி 176 ரூபாய் வரை இருப்பவர்களிடம் தொழிலாளி பங்கு பிடிப்பதே இல்லை. முதலாளி பங்கு மட்டும் போகும். உரிமை மட்டும் முழுதாக உண்டு. இன்னொன்று: கம்பெனி உன்னிடம் 135 பிடித்துவிட்டு, கழகத்துக்குக் கட்டாமல் விட்டால்? சேமிப்புக் கணக்காக இருந்தால் பணம் வராத கணக்கில் இருப்பு பூஜ்யம். இங்கே பங்களிப்பு செலுத்தப்பட வேண்டியதாக இருந்ததா என்பதே கேள்வி. கழகம் உனக்கான பயனைக் கொடுத்துவிட்டு, கட்டாத முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வழி இருக்கிறது. நீ அங்கே வேலை பார்த்தாய் என்று காட்ட முடிய வேண்டும், அவ்வளவே. சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் போட்டு அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள் என்பது அதற்காகத்தான்.

இந்த ஏற்பாடு நம் ஊரில் யாரோ புதிதாக யோசித்ததல்ல. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ல் தொழிலாளருக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். இங்கே பேராசிரியர் அடார்கர் 1944-ல் அறிக்கை கொடுத்தார், 1948-ல் சட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். அந்த 1948 சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் மாறியதே தவிர, பணம் பொது நிதிக்குப் போவது மாறவில்லை. மலேசியாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களைக் கேட்டாலும் அவர்கள் சீட்டிலும் இதே இரண்டு வரி இருக்கும்: இபிஎஃப் ஒன்று, பெர்க்கேசோ ஒன்று. முதலாவதில் இருப்பு உண்டு, இரண்டாவதில் இல்லை.

இருப்பு இல்லை என்றால் பிறகு எதை வைத்து உரிமை? இங்கேதான் இளைஞர்கள் கோட்டை விடுகிறார்கள். நாள்களை வைத்துத்தான்.

வேலைக் காயத்துக்கு நிபந்தனை இல்லை என்றேன். ஆனால் சாதாரண நோய்க்கு வரும் நோய்க்காலக் கூலிக்கு உண்டு. கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. நம் பையன் சம்பளத்துக்கு நாளொன்றுக்கு 420. இதற்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பதிவாகியிருக்க வேண்டும். வருஷத்தில் இரண்டு பங்களிப்புக் காலம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலை பார்த்தது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உனக்குப் பாதுகாப்பு. அக்டோபர் முதல் மார்ச் வரை பார்த்தது அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. நடுவே மூன்று மாத இடைவெளி. முதன்முதலாக வேலைக்கு வந்து, அந்தக் காலமே பாதியில் தொடங்கியவர்களுக்கு, கிடைத்த நாள்களில் பாதி போதும் என்று ஒரு சலுகை உண்டு. அது முதல்முறைக்கு மட்டும்.

இப்போது ஒரு பையன் ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேலை பார்த்தான். 50 நாள் பதிவு. சூப்பர்வைசரோடு சண்டை, ஜூனில் விட்டுவிட்டான். ஆடி மாதம் முழுக்கத் திருவிழா, நண்பர்கள். செப்டம்பர் நடுவில் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்தான். 12 நாள் பதிவு. மொத்தம் 62. அடுத்த ஜனவரியில் மஞ்சள் காமாலை வந்து 20 நாள் படுக்கை. வேலையில் இருப்பதால் சிகிச்சை கிடைக்கும். கூலி கிடைக்காது. இன்னும் 16 நாள் பதிவாகியிருந்தால், முதல் இரண்டு நாள் காத்திருப்புப் போக, 18 நாளுக்கு 420 வீதம் 7,560 கிடைத்திருக்கும். "62 நாளைக்குப் பிடிச்சீங்களே, அதையாவது கொடுங்க" என்று கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. 62 நாளைக்கென்று அங்கே ஒரு தொகை எடுத்து வைக்கப்படவே இல்லை.

சில காண்டிராக்டர்கள் 26 நாள் வேலை வாங்கிவிட்டு 15 நாள் என்று கணக்குக் காட்டுவார்கள். பங்களிப்பு குறையும் அல்லவா? பையனுக்கும் பிடித்தம் குறைந்ததில் சந்தோஷம், கையில் நாற்பது ஐம்பது ரூபாய் கூடுதலாக வருகிறது. அங்கே அவன் இழப்பது அந்த நாள்களை. ஐந்து மாதம் இப்படி ஓட்டினால் 75-தான். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு மாதத்துக்கான பங்களிப்பும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அதற்குப் பிறகு கழகத்தின் இணையதளத்தில் உன் காப்பீட்டு எண்ணைப் போட்டு நுழைந்தால் எந்த மாதம் எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று காட்டியிருப்பது தெரியும். உன் வருகைப் பதிவோடு ஒப்பிட்டால் முடிந்தது. பாஸ்புக்கில் இருப்பைத் தேடும் கண், இங்கே நாள்களைத் தேட வேண்டும்.

ஒரு கிளைக் கதை. நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேரை அப்ரென்டிஸ் என்று எடுக்கிறார்கள். அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. "எனக்குப் பிடித்தமே இல்ல மாமா, ஃபுல் சம்பளம்" என்று ஒருவன் பெருமையாகச் சொன்னால், அவனிடம் வேறு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

போனில் அவன் விடவில்லை. "பிஎஃப் பாஸ்புக்லயும் ஒரு பத்தி வட்டி ஏறாமயே கிடக்கு. அது என்ன?" என்றான். அந்தப் பத்தியைக் கவனித்ததற்கே அவனைப் பாராட்ட வேண்டும்.

கம்பெனி அவனுக்காகப் போடும் 1,800 முழுதாகப் பிஎஃப் கணக்குக்குப் போவதில்லை. 15,000-த்தில் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மீதி 550-தான் அவன் பிஎஃப் கணக்குக்கு. பாஸ்புக்கில் ஓய்வூதியம் என்ற பத்தியில் மாதம் 1,250 என்று எழுதிக்கொண்டே போகும், வட்டி ஒரு பைசா ஏறாது. ஏனென்றால் அதுவும் இஎஸ்ஐ போன்ற பொது நிதி. 1995 நவம்பரில் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்தின் நிதி. அங்கே எழுதியிருப்பது இவ்வளவு போனது என்ற பதிவு மட்டும்.

அதில் வரும் ஓய்வூதியம், கட்டிய தொகையைப் பார்த்து வருவதில்லை. ஓய்வூதியச் சம்பளத்தைப் பணிபுரிந்த வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 சம்பளம், 35 வருஷம் என்றால் 58 வயதில் மாதம் 7,500. 10 வருஷம்தான் என்றால் 2,143. தொகை சிறிதுதான், விலைவாசிக்கு ஏற்ப அது ஏறுவதும் இல்லை. இந்தத் திட்டத்தின் பெரிய குறை அது என்று ஓய்வூதியர்கள் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 10 வருஷம் என்ற கோட்டைத் தாண்டாவிட்டால் மாத ஓய்வூதியமே கிடையாது. அதுவரை வேலையை விடும்போது ஒரு அட்டவணைப்படி மொத்தமாக எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. இந்த ஒரு அனுமதிதான் பையன்களை மயக்குகிறது. ஒவ்வொரு வேலையை விடும்போதும் படிவம் 10சி போட்டு எடுத்துவிடுகிறார்கள். எடுத்தவுடன் அதுவரை சேர்ந்த வருஷங்கள் அழிந்துபோகும். நான்கு வருஷம், எடுத்தாயிற்று. மூன்று வருஷம், எடுத்தாயிற்று. ஐந்து வருஷம், எடுத்தாயிற்று. பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன் கையில் ஒரு வருஷமும் இல்லை. எடுக்காமல் பணிக்காலச் சான்றிதழ் வாங்கினாலோ, புதிய கம்பெனியின் கணக்குக்கு மாற்றினாலோ மூன்றும் கூடிப் 12 ஆகியிருக்கும்.

இன்னொரு விஷயம் உண்டு. நடுவில் பேசத் தயங்கினேன், ஆனாலும் சொல்லிவிட்டேன். பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துபோனால், ஒரே ஒரு மாதம் பங்களிப்பு போயிருந்தாலும் அவர் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு, குறைந்தது மாதம் 1,000. இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனியாக 25 வயது வரை உண்டு. கட்டியது 1,250 ரூபாய். இதைச் சேமிப்பாகப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு வர வேண்டியது 1,250 ரூபாயும் கொஞ்சம் வட்டியும்தான். அதே கணக்குத்தான் எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது: குடும்பம் இல்லாமல், ஓய்வூதியம் தொடங்கி இரண்டு வருஷத்தில் இறந்துபோகும் ஒருவர் விட்டுச்செல்லும் தொகை யாருக்கும் மொத்தமாகப் போகாது. அது நிதியிலேயே தங்கி, 90 வயது வரை வாழ்பவருக்குப் போகும்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ கழகத்தின் விளம்பரத் துறையிலிருந்து எழுதுவதாக நினைப்பீர்கள். இஎஸ்ஐ மருந்தகத்தில் வரிசை உண்டு. சில மாத்திரைகள் இல்லை என்பார்கள். பெரிய சிகிச்சைக்குச் சென்னை கே.கே.நகர், அயனாவரம் என்று அலைய வேண்டிவரலாம். விழுப்புரத்துக்காரனுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஊரில் ஆஸ்பத்திரி தூரமாக இருப்பதால்தான் நிறையப் பேர் அட்டையைப் பீரோவில் வைத்துவிட்டுத் தனியார் டாக்டரிடம் 300 ரூபாய் கொடுக்கிறார்கள். கழகத்திடம் பெரிய கையிருப்பு இருக்கிறது. 2019 ஜூலையில் மொத்த விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்குப் பதிலாகச் சிறிய ஊர்களில் நல்ல ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம் என்பது என் கட்சி. குறைப்பில் பெரும்பகுதி முதலாளிகளுக்குப் போனது: அவர்கள் பங்கு 4.75-லிருந்து 3.25, தொழிலாளி பங்கு 1.75-லிருந்து 0.75.

அதனால் கோபப்பட வேண்டாம் என்று அவனிடம் சொல்லவில்லை. சரியான இடத்தில் கோபப்படு என்றேன். "என் 135-ஐத் திருப்பிக் கொடு" என்பது இல்லாத கணக்கில் கேட்பது. "மருந்து ஏன் இல்லை, ஆஸ்பத்திரி ஏன் தூரம், காண்டிராக்டர் ஏன் 15 நாள் போட்டான்" என்று கேட்கத்தான் உனக்கு உரிமை. பணம் பொதுவில் போகும்போது, அது எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமையும் பொதுவில் வந்துவிடுகிறது.

சேமிப்பு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். இந்த நிதிகள் கல்யாணத்துக்குப் பணம் தராது, பைக்குக்கு முன்பணம் தராது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இஎஸ்ஐயிலிருந்து வெளியே வந்துவிடுவாய், கையில் ஒன்றும் இல்லாமல். அன்றைக்கு உனக்குத் தனி மருத்துவக் காப்பீடு தேவைப்படும் என்பதை இப்போதே நினைவில் வை. ஓய்வு வரை உள்ளேயே இருந்து, குறைந்தது ஐந்து வருஷம் காப்பீட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் சிகிச்சை. பெரியவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

கடைசியாக அவனிடம், அட்டையில் அம்மா பெயரைச் சேர்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம். உன்னைச் சார்ந்திருக்கும், வருமானம் குறைந்த பெற்றோரும் உன் காப்பீட்டில் சிகிச்சை பெறலாம். அக்கா மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் கடையில் கொடுப்பது, அவன் இஎஸ்ஐக்குக் கட்டும் 135-ஐ விட எத்தனையோ மடங்கு. ரெண்டு வருஷமாக ஒன்றுமே வாங்கவில்லை என்று குறைப்பட்டவன் வீட்டுக் கதை இது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். அட்டையில் குடும்பத்தினர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நடப்புப் பங்களிப்புக் காலத்தில் உங்கள் பெயரில் எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். 78-க்குக் கீழே போகும் போலிருந்தால், காலம் முடிவதற்குள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டுச் சரிசெய்வது மிகவும் கடினம்.